எண்ட்நோட்டிலிருந்து ஜோடெரோவுக்கு: இடம்மாறும் நூற்பட்டியலும் இடையில் உதிர்வனவும்

எண்ட்நோட், ஜோடெரோ இரண்டும் ஆய்வாளரின் நூற்பட்டியலைப் பராமரிக்கும் மென்பொருள்கள். படித்த நூல், கட்டுரை, அறிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. பதிவுக்குள் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் என்று தனித்தனிப் புலங்கள். எழுதும்போது அவற்றை மேற்கோளாக எடுத்துக் கொடுப்பதும் கடைசியில் துணைநூற்பட்டியலை அமைத்துத் தருவதும் இவற்றின் வேலை. எண்ட்நோட் 1980களின் இறுதியில் வந்த வணிக மென்பொருள். இன்று கிளாரிவேட் நிறுவனத்திடம் உள்ளது. ஜோடெரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாறு, புதிய ஊடக மையத்தில் பிறந்த திறந்த மூலநிரல் மென்பொருள். உரிமக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் நிறுத்திக்கொள்ளும்போதோ ஆய்வாளர் ஓய்வுபெறும்போதோ, பல ஆண்டுகளாகச் சேர்த்த சில ஆயிரம் பதிவுகளை முன்னதிலிருந்து பின்னதற்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சில நிமிடங்களில் அது முடிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எது வந்து சேரவில்லை, எது உருமாறி வந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

இழப்புக்கான காரணம் இரண்டின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. எண்ட்நோட்டில் எல்லாப் பதிவுகளுக்கும் பொதுவான ஒரே வரிசைப் புலங்கள்தான் அடியில் உள்ளன: முதன்மை ஆசிரியர், இரண்டாம் ஆசிரியர், மூன்றாம் ஆசிரியர், தலைப்பு, இரண்டாம் தலைப்பு, மூன்றாம் தலைப்பு, பிறகு தனிப்பயன் புலங்கள் சில. பதிவின் வகையைப் பொறுத்து அதே புலம் திரையில் வேறு பெயரோடு தெரியும். இரண்டாம் ஆசிரியர் என்ற புலம் நூலின் பகுதிக்குத் தொகுப்பாசிரியர். முழு நூலுக்கு வரிசைப் பதிப்பாசிரியர். இரண்டாம் தலைப்பு இதழ்க் கட்டுரைக்கு இதழின் பெயர், நூலின் பகுதிக்கு நூலின் பெயர், முழு நூலுக்கு நூல்வரிசையின் பெயர். ஜோடெரோவில் ஒவ்வொரு வகைக்கும் அதற்கேயான புலங்கள் உண்டு. தொகுப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் போன்ற பொறுப்பு அந்தந்த ஆளின் பெயரோடு ஒட்டியிருக்கும். ஆகவே இந்த இடமாற்றத்தில் ஜோடெரோ, பதிவின் வகையைப் பார்த்து ஒவ்வொரு புலத்துக்கும் பொருள் கொள்கிறது. வகை தவறாக இருந்தால் பொருளும் தவறிவிடும்.

முதலில் செய்யவேண்டியது ஏற்றுமதி. எண்ட்நோட்டில் எல்லாப் பதிவுகளையும் தேர்ந்துகொண்டு `File > Export` வழியாக எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிப்பது நல்லது. பழைய ஆர்ஐஎஸ் வடிவம் இன்னும் புழக்கத்தில் இருந்தாலும், தலைப்பிலுள்ள சாய்வெழுத்தை அது கொண்டுவராது. எக்ஸ்எம்எல் கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். எண்ட்நோட் நூலகம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் `.Data` என்று முடியும் கோப்புறை ஒன்று உண்டு. அதற்குள் `PDF` என்ற கோப்புறையில் பிடிஎஃப்கள் இருக்கும். எக்ஸ்எம்எல் கோப்பு இந்தப் பிடிஎஃப்களை `internal-pdf://` என்று தொடங்கும் முகவரியால் குறிப்பிடும். அதை ஜோடெரோ எக்ஸ்எம்எல் கோப்புக்குப் பக்கத்திலிருக்கும் `PDF` கோப்புறை என்று எடுத்துக்கொள்வதால், எக்ஸ்எம்எல் கோப்பை `.Data` கோப்புறைக்குள்ளேயே சேமிக்க வேண்டும். மேசைத்திரையில் சேமித்தால் பதிவுகள் வரும், பிடிஎஃப்கள் வரா. அப்போது பழுது எண்ட்நோட்டிலும் இல்லை, ஜோடெரோவிலும் இல்லை. கோப்பு இருக்குமிடம்தான் தவறு.

ஜோடெரோவில் `File > Import` கொடுக்கும்போது, வரும் பதிவுகளைப் புதிய தொகுப்பில் வைக்கவா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றே சொல்ல வேண்டும். சோதித்துப் பார்த்து மனநிறைவு இல்லாவிட்டால் அந்தத் தொகுப்பை அதன் பதிவுகளோடு நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். இல்லாவிட்டால் இரண்டாம் முறை இறக்கியவை முதல் முறை வந்தவற்றோடு கலந்து, ஒவ்வொரு நூலும் இரண்டிரண்டாக நிற்கும். முழு நூலகத்தையும் இறக்கும் முன், ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பதிவுகளை மட்டும் ஏற்றுமதி செய்து பார்ப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி ஒரு பதிவை நெருங்கிப் பார்க்கலாம். ஏ. கே. ராமானுஜனின் முந்நூறு இராமாயணங்கள் பற்றிய கட்டுரை, பவுலா ரிச்மன் தொகுத்து 1991இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூலில் 22 முதல் 49 வரையான பக்கங்களில் உள்ளது. எண்ட்நோட்டில் அது நூலின் பகுதி என்ற வகையில் சரியாகப் பதிந்திருந்தால், எழுத்துரு பற்றிய குறிகளை நீக்கிய எக்ஸ்எம்எல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
<ref-type name="Book Section">5</ref-type>
<authors><author>Ramanujan, A. K.</author></authors>
<secondary-authors><author>Richman, Paula</author></secondary-authors>
<secondary-title>Many Rāmāyaṇas</secondary-title>
<pages>22-49</pages>
```

ஜோடெரோ இதைப் படித்து, ரிச்மனைத் தொகுப்பாசிரியராகவும் இரண்டாம் தலைப்பை நூலின் பெயராகவும் வைத்துக்கொள்ளும். இதே பதிவை யாரோ அவசரத்தில் முழு நூல் என்ற வகையில் பதிந்துவிட்டார்கள் என்று கொள்வோம். இப்போது வகை எண் 5க்குப் பதில் 6. மற்ற வரிகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஜோடெரோவில் ராமானுஜன் ஒரு முழு நூலின் ஆசிரியர் ஆகிவிடுவார். ரிச்மன் வரிசைப் பதிப்பாசிரியர் ஆவார். தொகுப்பின் பெயர் நூல்வரிசையின் பெயராகிவிடும். 22-49 என்பது நூலின் மொத்தப் பக்க எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்காரும். எண்ட்நோட்டிலும் இந்தப் பிழை இருந்தது. ஆனால் அங்கே வெறும் வகையை மாற்றினால் போதும், பெயர்கள் தாமாகவே சரியான இடத்தில் வந்துவிடும். ஜோடெரோவுக்கு வந்தபின் திருத்தினால், ரிச்மனின் பொறுப்பை மாற்ற வேண்டும், நூலின் பெயர் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும், பக்கங்களை உரிய இடத்தில் இட வேண்டும். வகைப் பிழைகளை எண்ட்நோட்டிலேயே திருத்திக்கொண்டு புறப்பட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இத்தகைய பதிவுகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஜோடெரோவில் எல்லாப் பதிவுகளையும் தேர்ந்து சிஎஸ்வி வடிவில் ஏற்றுமதி செய்து, விரிதாளில் திறக்க வேண்டும். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு நெடுவரிசை இருக்கும். `Item Type` நெடுவரிசையில் நூல்களை மட்டும் வடிகட்டி, `Num Pages` நெடுவரிசையைப் பார்த்தால் போதும். ஒரு நூலின் பக்க எண்ணிக்கையில் சிறுகோடு வர வேண்டியதில்லை. 22-49 போன்ற எண் அங்கே இருந்தால் அது பெரும்பாலும் நூலாக வேடமிட்ட கட்டுரைதான். அதே வரியில் `Series Editor` நெடுவரிசையும் நிரம்பியிருந்தால் ஐயமே இல்லை.

ஆண்டு, தேதி விஷயத்தில் இழப்பைவிட மாற்றமே அதிகம். எண்ட்நோட்டில் ஆண்டு ஒரு புலம், தேதி இன்னொரு புலம். ஜோடெரோவில் இரண்டும் ஒன்று. மாதப் பெயரும் ஆண்டும் சேர்வதில் சிக்கலில்லை. சாய்கோடு போட்ட தேதிகள்தான் தொல்லை. 03/04/1998 என்பது சென்னையில் ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச் 4. ஜோடெரோ தன் மொழி அமைப்பை வைத்து நாளா மாதமா என்று முடிவு செய்கிறது. செய்தித்தாள்களை அதிகம் மேற்கோள் காட்டும் வரலாற்றாய்வாளர், இத்தகைய தேதிகளை 1998-04-03 என்ற வடிவுக்கு முன்கூட்டியே மாற்றிவிட்டால் குழப்பத்துக்கு இடமிராது. அச்சில் என்றோ வெளிவரவுள்ளது என்றோ ஆண்டுக்குப் பதிலாக எழுதி வைத்த பதிவுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். அவற்றில் பாதிக்குமேல் இதற்குள் வெளிவந்திருக்கக்கூடும்.

மறுபதிப்பு நூல்களுக்கு இன்னொரு வகைச் சேதம் நேர்கிறது. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் முதலில் 1856இல் வந்தது. ஆசிரியரே விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இல். அவருடைய மறைவுக்குப் பின் மூன்றாம் பதிப்பு 1913இல். எந்தப் பதிப்பைப் படித்தார், மூலம் எப்போது வந்தது என்ற இரண்டும் ஆய்வாளருக்கு வேண்டும். எண்ட்நோட்டின் நூல் வகையில் மூலப் பதிப்புக்கு `Original Publication` என்று ஒரு புலம் உண்டு. ஜோடெரோவின் பல பதிப்புகளில் நூலுக்கு அப்படி ஒரு புலம் இல்லை. `Extra` என்ற புலத்தில் ஒரு தனி வரியாக எழுத வேண்டும்:

```
Original Date: 1856
```

இப்படி எழுதினால் ஏபிஏ போன்ற நடைகள் 1856/1913 என்று இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துத் தரும். எழுதாவிட்டால் கால்டுவெல் 1913இல்தான் எழுதினார் என்பதுபோல மேற்கோள் நிற்கும். உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் பின்னாள் பதிப்பைப் பயன்படுத்துபவருக்கும் இதே கவனம் தேவை. எக்ஸ்எம்எல் கோப்பில் மூலப் பதிப்புப் புலம் நிரம்பிய பதிவுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக `Extra`வில் இடுவதைத் தவிர வேறு வழியில்லை. நல்லவேளையாக, இவை பெரும்பாலும் மிகுதியாக இருப்பதில்லை.

பெயர்களில் கவனிக்க வேண்டியது காற்புள்ளி. எண்ட்நோட் காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும். நிறுவனப் பெயரை அப்படிப் பிரிக்காதிருக்க, பயனர்கள் அதன் இறுதியில் ஒரு காற்புள்ளி இடுவது வழக்கம். ஜோடெரோவில் பெயருக்கு இரண்டு பெட்டி முறையும் உண்டு, ஒரே பெட்டி முறையும் உண்டு. நிறுவனங்களுக்கு ஒரே பெட்டிதான் சரி. இறக்குமதிக்குப் பின் ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கி, உலக சுகாதார நிறுவனம் போன்ற பெயர்கள் ஒரே பெட்டியில் வந்திருக்கின்றனவா, வாலில் காற்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடவும் கூடாது. உ. வே. சாமிநாதையர் என்று ஒரே பெட்டியில் இருந்தால் அகரவரிசையில் அவர் உகரத்தின்கீழ் போய்விடுவார். முதற்பெட்டியில் சாமிநாதையர், அடுத்ததில் உ. வே. என்று பிரித்தால்தான் சகரத்தில் வருவார். உரைக்குள் காட்டும் மேற்கோளிலும் பெயர் மட்டும் நிற்கும்.

இதுவரை சொன்னவை நூலைப் பற்றிய தகவல்கள். அவற்றைத் தொலைத்தாலும் நூலகப் பட்டியலிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். மீட்க முடியாதவை, நூலகத்தின் உரிமையாளர் தம் கைப்படச் சேர்த்தவை. அவற்றில் முதலில் வருவன தனிப்பயன் புலங்கள். எண்ட்நோட் விருப்பப் பட்டியலில் ஒரு பதிவு வகையின் புலப்பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். சுவடிகளோடு வேலை செய்பவர் `Custom 1` என்பதைச் சுவடி எண் என்றும், `Custom 2` என்பதைப் படி எடுத்த இடம் என்றும் பெயரிட்டிருக்கலாம். இந்தப் பெயர்கள் நூலகக் கோப்பில் இல்லை. அந்தக் கணினியின் அமைப்புகளில் இருக்கின்றன. எக்ஸ்எம்எல் கோப்பில் `<custom1>`, `<custom2>` என்றுதான் போகும். எண்கள் வந்து சேரும். அவை எதன் எண்கள் என்று சொல்வதற்கு ஆளில்லை. பழைய கணினியைக் கைவிடும் முன், எண்ட்நோட்டின் விருப்பப் பகுதியில் `Reference Types` என்ற இடத்திலிருந்து பதிவு வகை அட்டவணையைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் புலம் எதைக் குறித்தது என்று அரைப் பக்கம் எழுதி வைத்தாலும் போதும்.

ஜோடெரோ இடமில்லாத மதிப்புகளைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. அந்தப் பதிவின்கீழ் ஒரு குறிப்பை உருவாக்கி, `The following values have no corresponding Zotero field:` என்ற தலைப்பின்கீழ் அவற்றை வரிசையாக எழுதிவைக்கிறது. அந்தக் குறிப்புக்கு `_EndnoteXML import` என்ற குறிச்சொல்லையும் ஒட்டுகிறது. எது வெளியே நின்றுவிட்டது என்பதற்கு ஜோடெரோவே தரும் பட்டியல் இது. பலர் இந்தக் குறிப்புகளை வெறும் குப்பை என்று எண்ணி, குறிச்சொல்லை வைத்து ஒட்டுமொத்தமாக அழித்துவிடுகிறார்கள். முதலில் ஒருமுறை படித்துவிட்டு அழிப்பதே முறை. சுவடி எண் போன்றவற்றை உரிய புலத்துக்கோ `Extra`வுக்கோ மாற்றிய பிறகு எஞ்சுவது பெரும்பாலும் தரவுத்தளங்கள் தாமாக இட்டு அனுப்பிய எண்களாகவே இருக்கும்.

அடுத்தது குழுக்கள். எண்ட்நோட்டில் இயல் வாரியாகவோ பாடவேளை வாரியாகவோ பிரித்து வைத்த குழுக்கள் எக்ஸ்எம்எல் கோப்பில் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்தால், இரண்டு குழுவில் இருந்த பதிவு இரண்டு பதிவாக வரும். ஆகவே குழுவின் பெயரைப் பதிவுக்குள் எழுதி அனுப்புவதே நல்ல வழி. ஒரு குழுவைத் திறந்துகொண்டு, `Change/Move/Copy Fields` என்ற கட்டளையால் `Keywords` புலத்தின் இறுதியில், தனி வரியில் விழும்படி, குழு: மூன்றாம் இயல் என்பதுபோல ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டளை தேர்ந்தெடுத்த பதிவுகளை மட்டுமல்ல, அப்போது திரைப் பட்டியலில் உள்ள எல்லாப் பதிவுகளையும் மாற்றும்; குழுவுக்கு வெளியே இருந்து கொடுத்தால் நூலகம் முழுவதும் மூன்றாம் இயலில் சேர்ந்துவிடும். அதனால் நூலகத்தின் பிரதி ஒன்றில்தான் இதைச் செய்ய வேண்டும். ஜோடெரோவில் அந்த வரி ஒரு குறிச்சொல்லாக வந்து நிற்கும். அதைச் சொடுக்கி, தெரியும் பதிவுகளைப் புதிய தொகுப்புக்கு இழுத்துவிட்டால் குழு மீண்டுவிடும். குறிச்சொற்கள் வரிக்கு ஒன்றாக இல்லாமல் காற்புள்ளியிட்டு எழுதப்பட்டிருந்தால், முழு வரியும் ஒரே நீண்ட குறிச்சொல்லாக வரும் என்பதையும் இங்கேயே கண்டுகொள்ளலாம்.

சேர்த்த நாள் கட்டாயம் போய்விடும். ஜோடெரோவில் எல்லாப் பதிவுகளும் இறக்குமதி செய்த நாளில் சேர்ந்தவையாகவே தெரியும். எந்த ஆண்டில் எதைப் படித்தோம் என்ற வரிசை சிலருக்குப் பயனுள்ளது. அது வேண்டுமானால் எக்ஸ்எம்எல் கோப்பைப் பத்திரப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

சரிபார்ப்பின் சாரம் எண்ணுவதுதான். எண்ட்நோட்டின் எக்ஸ்எம்எல் கோப்பு முழுவதும் ஒரே வரியாக எழுதப்படுகிறது. எனவே வரிகளை எண்ணும் `grep -c` கட்டளை 1 என்றே விடை சொல்லும். ஒவ்வொரு நிகழ்வையும் பிரித்தெடுத்து எண்ண வேண்டும்:

```
grep -o "<record>" library.xml | wc -l
grep -o "<orig-pub>" library.xml | wc -l
grep -o "internal-pdf://" library.xml | wc -l
```

முதல் எண், ஜோடெரோவில் வந்த பதிவுகளின் எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும். இரண்டாவது, `Extra`வில் மூல ஆண்டு எழுதிய பதிவுகளின் எண்ணிக்கையோடு. மூன்றாவது, இணைப்புக் கோப்புகளின் எண்ணிக்கையோடு. இதே முறையில் மற்றப் புலங்களையும் எண்ணி, ஜோடெரோவின் சிஎஸ்வியில் அதற்குரிய நெடுவரிசையில் நிரம்பிய கட்டங்களோடு ஒப்பிடலாம். எண்கள் எல்லாம் பொருந்திவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பொருந்தாத ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காரணம் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கை பொருந்தியும் இடம் மாறியிருக்கலாம் என்பதால், வகைக்குச் சில பதிவுகளை இரண்டு திரைகளிலும் அருகருகே திறந்து படித்துப் பார்ப்பதும் அவசியம்.

நூலகக் கோப்போடு வராதவை இன்னும் இரண்டு உள்ளன. ஒன்று, மேற்கோள் நடைகள். எண்ட்நோட்டின் நடைக்கோப்புகளை ஜோடெரோ படிப்பது பற்றி 2008இல், அப்போது எண்ட்நோட்டின் உரிமையாளராயிருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின்மீது வர்ஜீனியாவில் வழக்கே தொடுத்தது. 2009இல் அது தள்ளுபடியானது. இன்று ஜோடெரோ பயனர்கள் சிஎஸ்எல் என்ற திறந்த வடிவிலுள்ள ஆயிரக்கணக்கான நடைகளிலிருந்து தேர்ந்துகொள்கிறார்கள். எண்ட்நோட்டில் சொந்தமாகத் திருத்திய நடையை மறுபடி அமைக்கத்தான் வேண்டும். மற்றொன்று, எழுதிக்கொண்டிருக்கும் வேர்டு கோப்பு. அதில் எண்ட்நோட் பதித்த மேற்கோள்களை ஜோடெரோ தன்னுடையவையாக ஏற்காது. பாதி எழுதிய ஆய்வேட்டை எண்ட்நோட்டிலேயே முடித்துவிட்டு, அடுத்த கட்டுரையை ஜோடெரோவில் தொடங்குவது அலைச்சலைக் குறைக்கும்.

கடைசியாக, பழைய நூலகத்தை எண்ட்நோட்டின் சுருக்கிய `.enlx` கோப்பாகவும் ஏற்றுமதியான எக்ஸ்எம்எல் கோப்பாகவும் இரண்டு இடங்களில் வைத்திருக்க வேண்டும். எண்ட்நோட் உரிமம் முடிந்த பிறகும் எக்ஸ்எம்எல் கோப்பை எந்த உரைத் தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். விடுபட்ட ஒரு புலம் பெரும்பாலும் இறக்குமதி நாளன்று கண்ணில் படுவதில்லை; ஓராண்டு கழித்து ஓர் அடிக்குறிப்பு எழுதும்போதுதான் தேவைப்படும்.